மேலவீதி கிளினிக்: தொலைபேசி வரவேற்புப் பதிவு

வணக்கம், மேலவீதி கிளினிக். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் இந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

டாக்டரைப் பார்க்கும் நேரம்: திங்கள் முதல் சனி வரை, காலை 9 முதல் 1 மணி, மாலை 5 முதல் 8.30. ஞாயிறு விடுமுறை. மாலை டோக்கன் 8 மணியோடு நிறுத்தப்படும்.

டோக்கன் பெற, எண் 1. பரிசோதனை முடிவுகளை அறிய, எண் 2. குழந்தைகளுக்கான தடுப்பூசிக்கு, எண் 3. தடுப்பூசி புதன்கிழமை காலை மட்டும் போடப்படும்; தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டுவாருங்கள்.

வெறும் வயிற்றில் செய்யும் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும் அறை காலை 7 மணிக்கே திறந்திருக்கும். தண்ணீர் குடிக்கலாம். காபி கூடாது, சர்க்கரை போடாத காபியும் காபிதான்.

மருந்துச் சீட்டு தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை எடுத்து வாருங்கள்.

இவற்றை மீண்டும் கேட்க, எண் 9. எண்களை அழுத்துவது சிரமம் என்றால் எதையும் அழுத்தாமல் இணைப்பிலேயே இருங்கள். கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில் வரவேற்பில் உள்ளவர் பேசுவார். மற்ற நேரங்களில், ஒலி கேட்டதும் உங்கள் பெயரையும் எண்ணையும் நிதானமாகச் சொல்லுங்கள். கிளினிக் திறந்ததும் அழைக்கிறோம்.