பொங்கல் விழா தொகுப்புரை – ஞாயிறு, 18 ஜனவரி 2026, மாலை 5.30

(செயற்குழு அனுப்பிய பிரசன்டேஷனை வைத்து எழுதியது. அடைப்புக்குறிக்குள் இருப்பது எனக்கும் மைக் செட் தம்பிக்கும் மட்டும். ஸ்லைடு 8-இல் இருந்த பறையாட்டத்தை முன்னால் கொண்டுவந்திருக்கிறேன். பறை காய்ச்ச நெருப்பு வேண்டும், கார் பார்க்கிங்கில் இரண்டாவது முறை நெருப்பு மூட்ட செக்யூரிட்டி விடமாட்டார். பொங்கல் அடுப்பிலேயே காய்ச்சிக்கொள்ளலாம் என்று குழுவினரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.)

(ஸ்லைடு 3. 5.30. கூட்டம் பாதி வந்திருந்தாலும் ஆரம்பித்துவிடுவது.)

எல்லாருக்கும் வணக்கம். தை பிறந்து நான்கு நாளாகிறது. அவரவர் வீட்டில் பொங்கல் வைத்து, ஊருக்குப் போனவர்கள் கரும்புக் கட்டோடு திரும்பிவந்து, இன்றுதான் எல்லா பிளாக்கும் ஒரே இடத்தில் நிற்கிறோம். முன் வரிசை நாற்காலிகள் பெரியவர்களுக்கு. அங்கே உட்கார்ந்திருக்கும் சின்னவர்களே, நீங்கள் எழுந்து ஓடும் அழகை நாங்கள் ரசிக்கிறோம்.

தமிழ்த்தாய் வாழ்த்து. ஏ பிளாக் மாணவிகள் பாடுகிறார்கள். ஐம்பத்தைந்து விநாடிதான், அதுவரை செல்போன் பையிலேயே இருக்கட்டும். அனைவரும் எழுந்து நிற்போம்.

(பாடல் முடிந்ததும்)

நன்றி, அமருங்கள். வரவேற்புரைக்குச் சங்கத் தலைவர் ஐயாவை அழைக்கிறேன். ஐயா, பிரசன்டேஷனில் உங்களுக்கு ஐந்து நிமிடம் போட்டிருக்கிறது. போட்டதும் நீங்கள்தான்.

(ஸ்லைடு 4. 5.45. பானை பொங்கும் நேரம் நம் கையில் இல்லை. பால் மேலே வருவதைப் பார்த்தால் தலைவரே பேசிக்கொண்டிருந்தாலும் மைக்கை வாங்கிவிடுவது.)

அங்கே பாருங்கள், நுரை கழுத்து வரை வந்துவிட்டது. பிள்ளைகளே, அடுப்புக்கு மூன்றடி தள்ளி நில்லுங்கள். மஞ்சள் கொத்து கட்டிய அந்தப் பக்கம் சாய்ந்து வழிகிறதா? சரி, எல்லாரும் சேர்ந்து சொல்லலாம்: பொங்கலோ பொங்கல்!

(மூன்று முறை. பிறகு அடுப்பை நோக்கிக் கை காட்டி)

பானையை இறக்கியாயிற்று, அடுப்பை அணைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பறைக்குழு அண்ணன்மார் தணலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், கவனியுங்கள். வளையத்தில் இழுத்துக் கட்டிய தோல் பனி பட்டால் தளர்ந்துவிடும், சத்தம் மந்தமாகும். அனல் காட்டினால் தோல் இறுகும், அடி விழும்போது கணீரென்று கேட்கும். ஓர் அண்ணன் விரலால் தட்டிப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், மறுபடி அனலில் காட்டுகிறார். அவர் காதுக்குச் சரி என்று படும்வரை நாம் காத்திருப்போம்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். பிரசன்டேஷனில் இந்த நிகழ்ச்சிக்கு முதலில் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். 'நல்ல நாளில் பறையா?' என்று நம் வாட்ஸ்அப் குழுவிலேயே ஒரு கேள்வி வந்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் தெய்வம், உணவு, மரம், பறவை என்று சொல்லும் வரிசையில் பறையையும் வைத்திருக்கிறது. அதைச் சாவு வீட்டு வாசலோடு நிறுத்திவைத்தது சாதி. பறைக்குச் செய்த மரியாதையாக 2025-இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. நம் வாசலுக்கு இன்றுதான் வருகிறது, அவ்வளவுதான் தாமதம்.

கையில் இரண்டு குச்சி இருக்கும். குட்டையாக, கனமாக இருப்பது அடிக்குச்சி. நீளமாக, மெல்லியதாக இருப்பது சிண்டுக்குச்சி. இரண்டும் வேறு வேறு பேசும், கேட்டுப் பாருங்கள். பறையாட்டம்!

(20 நிமிடம். முடிந்ததும் கைதட்டல் அடங்கும்வரை பேசவேண்டாம்.)

(ஸ்லைடு 5, 6. 6.30. வேகமாக முடிக்கவேண்டிய பகுதி.)

கோலப் போட்டி முடிவு. மூன்றாம் பரிசு டி பிளாக் முதல் மாடி, இரண்டாம் பரிசு ஏ பிளாக் தரைத்தளம், முதல் பரிசு சி பிளாக் வாசலில் இருக்கும் அந்தச் சிக்குக் கோலம். எங்கே தொடங்கி எங்கே முடித்தார்கள் என்று நடுவர்களே தேடிக்கொண்டிருந்தார்கள். பரிசை மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கோலத்தின் மேல் சைக்கிள் விட்ட வீரர் யாரென்று எங்களுக்குத் தெரியும், பெயரைச் சொல்லவில்லை.

அடுத்து மாறுவேடம். ஒளவையார் இரண்டு பேர், உழவர் நான்கு பேர், கரும்பு ஒருவர். வசனம் மறந்தாலும் பரவாயில்லை, செல்லங்களே. பெற்றோர் மேடையோரம் நின்று சொல்லிக்கொடுக்காமல் இருந்தால் போதும்.

(ஸ்லைடு 7. 6.55)

இப்போது பி பிளாக் அப்பாக்களின் ஒயிலாட்டம். தென்மாவட்டத்து ஆட்டம். காலில் சலங்கை, கையில் வண்ணத் துணி, வரிசையாக நின்று ஆடுவார்கள். ஆரம்பத்தில் மெதுவாகப் போகும், போகப்போகத் தாளம் வேகம் பிடிக்கும். மார்கழி முழுக்க மொட்டை மாடியில் பயிற்சி நடந்தது. ஐந்தாவது மாடிக்காரர்கள் பொறுத்துக்கொண்டதற்குத் தனியாக நன்றி. ஒரு காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடியது, இப்போது பெண்களும் ஆடுகிறார்கள். இன்றைக்கும் ஆடுபவர்கள் அப்பாக்கள், ஆட்டம் சொல்லிக்கொடுத்தது அதே பிளாக்கின் அக்கா ஒருவர். அவர் வரிசைக்குப் பின்னால் நின்று முறைத்துக்கொண்டிருப்பார்.

(ஸ்லைடு 9. 7.15. வில் கட்ட எட்டு நிமிடமாவது ஆகும், பிரசன்டேஷனில் இதற்கு நேரமே இல்லை. நான்தான் நிரப்பவேண்டும்.)

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்திருக்கும் வில்லுப்பாட்டுக் குழு மேடை ஏறுகிறது. பெரிய வில்லை மண்குடத்தின் மேல் வைத்துக் கட்டுகிறார்கள். நாணில் வரிசையாக மணி தொங்குகிறது. தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டும்போது அந்த மணியெல்லாம் சேர்ந்து ஒலிக்கும். கூடவே உடுக்கை, குடம், தாளம், கட்டை.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில்காரர், வில்லுப்பாட்டில் தேர்ந்தவர். அவர் சென்னைக்கு அழைத்துவந்த சுப்பு ஆறுமுகம் ஐயா வாழ்நாள் முழுக்க இதையே பாடி, 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

வில் கட்டி முடிப்பதற்குள் நமக்கு ஒரு பாடம். பாடகர் ஒரு வரி சொன்னால் கூட இருப்பவர்கள் 'ஆமா' போடுவார்கள். இன்று நாமும் போடலாம். ஒத்திகை பார்ப்போமா?

கார் நிறுத்துற இடத்துல மேடை போட்டாக! (ஆமா!)
மேடைக்கு முன்னால பந்தல் போட்டாக! (ஆமா!)
லிஃப்ட் நாளைக்கே சரியாகும்னு சொன்னாக! (இங்கே சத்தம் வராது. செயலாளரைப் பார்த்துச் சிரிக்கவும்.)

பரவாயில்லை, தெரிந்த வரிக்கு மட்டும் ஆமா போட்டால் போதும். குழுத் தலைவர் அம்மா தலையசைத்துவிட்டார். அம்மா, மேடை உங்களுடையது.

(40 நிமிடம். 8.05-க்குக் கையால் சைகை. கதை உச்சத்தில் இருந்தால் சைகை காட்டவேண்டாம், சாப்பாடு காத்திருக்கும்.)

(ஸ்லைடு 10)

நன்றியுரை. நன்கொடையாளர் பட்டியல் பெரிது, நுழைவாயில் பலகையில் முழுதாக எழுதியிருக்கிறோம். இங்கே மேடைக்கு அழைப்பது நம் துப்புரவுப் பணியாளர் அக்காக்களையும், இரவுக் காவலர்களையும், இரண்டு நாளாக ஏணியிலேயே குடியிருந்த எலக்ட்ரீஷியன் அண்ணனையும். துணைத் தலைவர் அம்மா இவர்களுக்குப் புத்தாடை வழங்குகிறார். கைதட்டல் ஒயிலாட்டத்துக்கு விழுந்ததைவிடக் கூடவேண்டும்.

நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்போம்.

(முடிந்ததும்)

சாப்பாடு டி பிளாக் பின்புறம். முதல் பந்தி கலைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும். சர்க்கரைப் பொங்கல் நம் பானையில் பொங்கியதேதான். உறியடி நாளைக் காலை ஏழு மணிக்கு, பள்ளி வேன் வருவதற்குள் முடித்துவிடுவோம். வெளியே நிறுத்திய கார்களைப் பந்தல் பிரித்தபிறகு, பத்து மணிக்கு மேல் உள்ளே எடுக்கலாம். சி பிளாக் பக்கமாக வராதீர்கள், கோலம் இன்னும் இருக்கிறது.