சதுர அலையின் ஃபூரியர் கெழுக்கள்: 13 மதிப்பெண் கேள்விக்கு முழு விடை

மூன்றாம் செமஸ்டர் இசிஇ மாணவர்களுக்கு,

மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்தாயிற்று. 12 (அ) கேள்வியைப் பெரும்பாலானவர்கள் எடுத்திருக்கிறீர்கள். விடை பலருக்கு வந்திருக்கிறது. ஆனால் இரண்டு பக்கம் தொகையிட்டு வந்திருக்கிறது, அரைப் பக்கத்தில் முடிய வேண்டியது. அந்த மீதி நேரம் 15 மதிப்பெண் கேள்விக்குப் போயிருக்க வேண்டும். அதனால் தேர்வுத் தாளில் எப்படி எழுத வேண்டுமோ அப்படியே முழு விடையையும் இங்கே எழுதுகிறேன், நடுநடுவே காரணத்தையும் சொல்கிறேன்.

கேள்வி இதுதான்:

பாம்பனில் ஒரு வீட்டு இன்வெர்ட்டரின் வெளியீடு x(t) சதுர அலையாக இருக்கிறது. அதன் அலைவு காலம் 20 மில்லிசெகண்ட். 0 முதல் 10 மில்லிசெகண்ட் வரை +230 வோல்ட், 10 முதல் 20 மில்லிசெகண்ட் வரை −230 வோல்ட். (i) முக்கோணவியல் ஃபூரியர் தொடரின் கெழுக்களைக் காண்க. (7) (ii) அடுக்குக்குறி வடிவக் கெழுக்களைக் கண்டு வீச்சு ஸ்பெக்ட்ரத்தை வரைக. (4) (iii) மொத்தத் திறனில் முதல் ஹார்மோனிக்கின் பங்கு எவ்வளவு? (2)

முதலில் படம் வரையுங்கள். −T முதல் +T வரை, அதாவது இரண்டு சுற்று. ஒரு சுற்று மட்டும் வரைந்தால் பூஜ்யத்துக்கு இடப்பக்கம் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கணக்கின் பாதி விடை அந்த இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. அச்சுகளில் A = 230 வோல்ட், T = 20 மில்லிசெகண்ட் என்று குறித்துவிடுங்கள். அடிப்படை அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். கடைசி வரை A, T என்றே எழுதுங்கள். எண்களை இறுதியில் போட்டால் போதும், தப்பு குறையும்.

```
ω0 = 2π/T = 100π rad/s
x(t) = A,   0 < t < T/2
x(t) = -A,  T/2 < t < T
```

பகுதி (i)

படத்தைப் பார்த்து இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, x(−t) = −x(t). எனவே இது ஒற்றைச் சார்பு; a0 = 0, a_n = 0. இரண்டு, x(t + T/2) = −x(t). இது அரை அலைச் சமச்சீர்; எனவே இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் கிடையாது.

இந்த இரண்டு வரிக்கும் மதிப்பெண் உண்டு. சமச்சீரைச் சொல்லிக் காரணம் காட்டினால் a0, a_n இரண்டையும் தொகையிட்டுக் காட்டத் தேவையில்லை. தாள்களில் பாதிப் பேர் a_n-க்கு ஒரு முழுப் பக்கம் செலவழித்து, sin nπ = 0 என்று முடித்திருக்கிறீர்கள். சரியான விடைதான், ஆனால் அந்த ஒரு பக்கத்தைப் படமே சொல்லிவிட்டது.

இரண்டாவது வரியை மனப்பாடம் செய்ய வேண்டாம், காரணம் எளிது. இரட்டைப்படை n-க்கு sin(nω0t) அரைச் சுற்று கழித்து அதே மதிப்போடு திரும்ப வரும். நம் அலையோ அரைச் சுற்று கழித்துக் குறி மாறி வருகிறது. முதல் பாதியில் பெருக்கிக் கூட்டிய தொகையை இரண்டாம் பாதி அப்படியே கழித்துவிடும். மிச்சம் பூஜ்யம். அலை சைனாக இருந்தாலும் கொசைனாக இருந்தாலும், வடிவம் சதுரமாக இருந்தாலும் முக்கோணமாக இருந்தாலும், அரை அலைச் சமச்சீர் இருந்தால் இது பொருந்தும்.

இப்போது தொகையிட வேண்டியது b_n மட்டும். x(t)-யும் சைனும் இரண்டுமே ஒற்றை, பெருக்கினால் இரட்டை. அதனால் −T/2 முதல் T/2 வரையிலான தொகை, 0 முதல் T/2 வரையிலான தொகையின் இரு மடங்கு.

```
b_n = (4/T) ∫[0 to T/2] A sin(nω0 t) dt
    = (4A/(nω0 T)) [1 - cos(nω0 T/2)]
    = (2A/(nπ)) [1 - cos(nπ)]      (ω0 T = 2π)
```

cos(nπ) = (−1)^n. இதை எழுதாமல் நேரே கடைசி வரிக்குத் தாவ வேண்டாம். திருத்துபவர் இந்த வரியைத் தேடுவார். n இரட்டைப்படை என்றால் அடைப்புக்குள் 0, ஒற்றைப்படை என்றால் 2.

```
b_n = 4A/(nπ),  n = 1, 3, 5, ...
b_n = 0,        n = 2, 4, 6, ...

x(t) = (4A/π) [ sin ω0t + (1/3) sin 3ω0t
              + (1/5) sin 5ω0t + ... ]
```

A = 230 போட்டால் b1 = 292.8 வோல்ட், b3 = 97.6, b5 = 58.6, b7 = 41.8. முதல் ஹார்மோனிக்கின் உச்சம் அலையின் உச்சத்தைவிடப் பெரிதாக இருக்கிறதே என்று ஒரு மாணவி விடையை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறாள். அடித்த விடைதான் சரி. 4/π என்பது 1.273, சைனின் கூம்பு சதுரத்தின் தலைக்கு மேலே எழும், மூன்றாவது ஹார்மோனிக் வந்து அந்தக் கூம்பைக் கீழே அழுத்தும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. t = T/4 என்று போடுங்கள். அங்கே x(t) = A. வலப்பக்கம் சைன்கள் 1, −1, 1, −1 என்று மாறும். அப்படியானால் 1 − 1/3 + 1/5 − 1/7 + ... = π/4 வர வேண்டும். வருகிறது. இதே தொடரைத்தான் கேரளத்துச் சங்கமகிராமத்து மாதவனின் மரபினர், ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் எழுதுவதற்கு வெகு காலம் முன்பே கண்டிருந்தார்கள். இன்வெர்ட்டர் அலைக்குள்ளிருந்து அந்தத் தொடர் வெளியே வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

பகுதி (ii)

மறுபடி தொகையிட வேண்டாம். கையில் இருக்கும் a_n, b_n போதும்.

```
c_n = (a_n - j b_n)/2 = -j 2A/(nπ),  n = ±1, ±3, ±5, ...
c_n = 0,  n = 0, ±2, ±4, ...
```

வீச்சு ஸ்பெக்ட்ரம் இரு பக்கமும் வரும். |c1| = 146.4, |c3| = 48.8, |c5| = 29.3, |c7| = 20.9 வோல்ட். ஒவ்வொன்றும் b_n-இல் பாதி, ஏனென்றால் மறுபாதி எதிர்மறை அதிர்வெண்ணில் இருக்கிறது. கோடுகளை ±50, ±150, ±250, ±350 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். தனித்தனிக் கோடுகளாகவே விடுங்கள். உச்சிகளை வளைகோட்டால் இணைத்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் அலைக்குத் தொடர்ச்சியான ஸ்பெக்ட்ரம் கிடையாது. கேள்வி கட்டத்தையும் கேட்டால், நேர்மறை n-க்கு −90 பாகை, எதிர்மறை n-க்கு +90 பாகை.

பகுதி (iii)

பார்சேவல் தேற்றம். ஒரு ஓம் மின்தடையில் மொத்தத் திறன் A². அலை +A-யில் இருந்தாலும் −A-யில் இருந்தாலும் வர்க்கம் ஒன்றுதான்.

```
P1 = b1²/2 = 8A²/π²
P1/P = 8/π² = 0.8106
```

81.06 சதவீதம். மூன்றாவது ஹார்மோனிக்கையும் சேர்த்தால் 90 சதவீதத்தைத் தொடும், ஐந்தாவதையும் சேர்த்தால் 93.3. இரண்டு மதிப்பெண்ணுக்கு முதல் எண் மட்டும் போதும்.

விடை இவ்வளவுதான். தங்கச்சிமடத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் வகுப்பில் கேட்டதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது: "சார், கரண்ட் போனா எங்க வீட்டுப் பழைய இன்வெர்ட்டர்ல ஃபேன் மட்டும் ஏன் உறுமுது? பல்பு ஒழுங்காத்தானே எரியுது?" குண்டு பல்புக்கு வேண்டியது வெப்பம். 50 ஹெர்ட்ஸில் வந்தாலும் 150 ஹெர்ட்ஸில் வந்தாலும் திறன் திறன்தான். ஃபேன் மோட்டார் சுற்றுவது 50 ஹெர்ட்ஸ் பகுதியால். மீதி 19 சதவீதம் 150, 250, 350 ஹெர்ட்ஸில் வந்து சுருளையும் இரும்பையும் அதிர வைக்கிறது, சூடாக்குகிறது. அந்த உறுமல் b3, b5-இன் சத்தம்.

அதைக் குறைக்க என்ன செய்வார்கள் என்பது அடுத்த தேர்வில் வரக்கூடிய கேள்வி. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் தொடக்கத்தில் δ கோணமும் முடிவில் δ கோணமும் அலையைப் பூஜ்யத்தில் வைக்கிறார்கள். தொகையின் எல்லைகள் மட்டும் மாறுகின்றன. ஒற்றைப்படை n-க்கு:

```
b_n = (4A/(nπ)) cos(nδ)
```

δ = 30 பாகை என்றால் n = 3-இல் cos 90° = 0. மூன்றாவது ஹார்மோனிக் முழுவதுமாகப் போய்விடும், ஒன்பதாவதும் கூடவே. ஒரு வடிகட்டியும் இல்லாமல், நிறுத்தும் நேரத்தை மட்டும் மாற்றி. இதைச் சொந்தமாக ஒரு முறை தொகையிட்டுப் பாருங்கள், மேலே உள்ள வரிகளில் ஒன்றுதான் மாறும்.

இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கிப்ஸ் விளைவு வரலாம். எத்தனை உறுப்புகள் கூட்டினாலும் தாவும் இடத்துக்கு அருகில் ஒரு மேடு மிஞ்சும். அதன் உயரம் தாவலில் ஏறக்குறைய 9 சதவீதம். நம் அலையில் தாவல் 460 வோல்ட், எனவே மேடு 41 வோல்ட் அளவு. உச்சம் 271 வோல்ட் பக்கம். உறுப்புகளைக் கூட்டக் கூட்ட மேடு ஒடுங்கித் தாவலை நெருங்கும், உயரம் குறையாது. 1899-இல் கிப்ஸ் விளக்கினார். வில்பிரஹாம் 1848-லேயே எழுதியிருந்தார். தாவும் அந்தப் புள்ளியில் தொடர் தரும் மதிப்பு இரு பக்கத்தின் சராசரி, நமக்குப் பூஜ்யம்.

கேள்வியை மாற்றிக் கேட்டால்: அலை 0-க்கும் A-க்கும் இடையே இருந்தால், பாதி வீச்சுள்ள நம் அலையை A/2 உயர்த்தியது அது. a0 = A/2, b_n = 2A/(nπ), n ஒற்றைப்படை. அலையை T/4 இடப்பக்கம் நகர்த்தி இரட்டைச் சார்பாகக் கொடுத்தால் b_n எல்லாம் பூஜ்யம், a_n = (4A/(nπ)) sin(nπ/2); குறி +, −, +, − என்று மாறும், வீச்சு ஸ்பெக்ட்ரம் துளியும் மாறாது. இரண்டையும் புதிதாகத் தொகையிடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை முதல் பீரியடில் பார்க்கிறேன்.