தீபாவளி முடியும்வரை எங்கள் பதில் நேரம் 🪔

ஆயுத பூஜை முடிந்த கையோடு சுங்குடி ஆர்டர்கள் மொத்தமாக வர ஆரம்பித்துவிட்டன. அதனால் அக்டோபர் 21 முதல் நவம்பர் 7 வரை, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து, தினமும் காலை 9.30 முதல் இரவு 8.30 வரை வாட்ஸ்அப்பில் இருப்போம். மதியம் 2 முதல் 3 வரை மட்டும் போன் எடுக்க முடியாது, பார்சல் ஏற்றுகிற நேரம் அது. சாயங்காலம் ஆனால் விளக்குத்தூண் பக்கம் வண்டி நுழையவே முடியாது.

மற்ற நாட்களில் அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடுவோம். இப்போது நான்கு மணி நேரம் வரை ஆகலாம். இரவு 8.30க்கு மேல் வரும் மெசேஜுக்கு மறுநாள் காலை 11 மணிக்குள் பதில் வரும். அதையும் தாண்டினால் தயங்காமல் போன் செய்யுங்கள், அது எங்கள் தவறுதான்.

ஒரு சின்ன விஷயம். முதலில் வந்த மெசேஜை முதலில் பார்க்க வேண்டும் என்று சாட் பட்டியலில் கீழே இருந்துதான் மேலே வருகிறோம். இடையில் "ஹலோ, இருக்கீங்களா?" என்று இன்னொன்று அனுப்பினால் உங்கள் சாட் மேலே ஏறிவிடும், உங்கள் முறையும் தள்ளிப்போகும். அதனால் ஆர்டர் எண், ஊர், கேள்வி எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் போட்டுவிடுங்கள்.

முகவரி மாற்றம், ஆர்டர் ரத்து என்றால் மெசேஜ் வேண்டாம், மதியம் 1 மணிக்குள் நேராகப் போன் செய்யுங்கள். பணம் போய் ஆர்டர் வரவில்லையா? யுபிஐ பரிவர்த்தனை எண் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் போதும், அன்றைக்கே பார்த்துச் சொல்கிறோம். ஓடிபியோ பின் நம்பரோ நாங்கள் ஒருநாளும் கேட்க மாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

நிறம் நேரில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு மறுநாள் காலையில்தான் வீடியோ வரும். டியூப் லைட்டில் அரக்கு நிறம் கறுப்பாகத் தெரிகிறது. வாசல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டாமல் அனுப்ப எங்களுக்கு மனசு வராது.

அப்புறம், பார்சலைப் பிரித்ததும் துணி சுருங்கிச் சுருங்கி, நூல் முடிச்சோடு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கையால் கட்டிச் சாயம் ஏற்றிய முடிச்சு அது, அவிழ்க்காமல்தான் அனுப்புகிறோம். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாக இழுத்தால் முடிச்சு விட்டு, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். முதல் அலசலுக்கு உப்புத் தண்ணீர், தனியாக.

தீபாவளிக்குள் கைக்கு வர, வெளிமாநிலத்துக்கு அக்டோபர் 30, தமிழ்நாட்டுக்குள் நவம்பர் 3, மதுரைக்குள் நவம்பர் 6 மதியம் வரை ஆர்டர் செய்யலாம். அதற்குப் பிறகு எடுத்து, வராமல் போய் உங்கள் வீட்டுப் பிள்ளை ஏமாறுவதை நாங்கள் விரும்பவில்லை.

நவம்பர் 8, 9 கடை விடுமுறை. கட்டுகிறவர்கள், பேக்கிங் பிள்ளைகள் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் தீபாவளி. செவ்வாய் காலை 11 மணிக்குத் திறப்போம். அந்த இரண்டு நாளில் வந்த மெசேஜ்களுக்குப் புதன் சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிடும்.