தாத்தாவின் பஞ்சாங்கத் தாள்: ஆடி 14 முதல் 20 வரை

அத்தைக்கு,

உங்கள் ஜன்ம நட்சத்திரம் எது என்று பார்க்க, நீங்கள் பிறந்த வாரத்துத் தாளை, பென்னாகரம் வீட்டுப் பெட்டியில் பத்திரக் கட்டுக்குள் இருந்ததை, வரி பிசகாமல் எழுதியிருக்கிறேன். மேல்பகுதி கிழிந்து, வருஷப் பெயரும் இங்கிலீஷ் தேதியும் போய்விட்டன. யோகக் கட்டம் மடிப்பில் பசையாகிவிட்டது. எழுத்து கடுகு சைஸ். தருமபுரியில் வாங்கிய பூதக்கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் இல்லாமல் முடிந்திருக்காது.

எண்கள் எல்லாம் சூரிய உதயத்திலிருந்து நாழிகை-விநாடி. நாள் முழுக்க 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். அச்சில் உள்ள சுருக்கத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

ஆடி 14, ஞாயி. திதி தச 42-50. நட்சத்திரம் கார் 28-06. ஆடிக்கிருத்திகை.

ஆடி 15, திங். ஏகா 40-46. ரோ 27-48. ஏகாதசி விரதம்.
("27" முதலில் 21 மாதிரித் தெரிந்தது. மேலேயும் கீழேயும் 28 இருக்கும்போது நடுவில் 21 வராது.)

ஆடி 16, செவ். துவா 39-40. மிரு 28-31. விசேஷக் கட்டம் காலி.

ஆடி 17, புத. திர 39-38. திரு 30-02. பிரதோஷம்.
(ஓரத்தில் தாத்தா கையெழுத்தில், பென்சிலில்: "பெண். விளக்கு வெச்ச நேரம்.")

ஆடி 18, வியா. சதுர் 40-37. புன 32-40. பதினெட்டாம் பெருக்கு.
(3 மூடிக்கொண்டு 82-40 என்றே கண்ணில் படுகிறது. 60க்கு மேல் நாழிகை ஏது! பக்கத்தில் பென்சிலில் "ஒகேனக்கல் போகலை" என்று இருக்கிறது. முந்தின நாள்தான் பிள்ளை பிறந்திருக்கிறதே, எப்படிப் போவார்?)

ஆடி 19, வெள். அமா 42-46. பூச 36-12. ஆடி அமாவாசை.
(36ஐ 30 என்று எழுதிவிட்டு அடித்தேன். மேல் வரி 32, கீழ் வரி 40. ஏறிக்கொண்டே போகிற வரிசை நடுவில் இறங்காது.)

ஆடி 20, சனி. பிர 46-08. ஆயி 40-25. காலி.

திதிக்கு "பாண விருத்தி ரச க்ஷயம்" என்று ஜோசியர்கள் சொல்வார்கள். பாணம் 5, ரசம் 6. ஒரு திதி 60 நாழிகையிலிருந்து கூடினால் 5, குறைந்தால் 6, அவ்வளவுதான். அதை வைத்துத் திதிக் கட்டத்தை மேலிருந்து கீழே பார்த்துவிட்டேன், எங்கேயும் இடிக்கவில்லை.

அடியில் ராகு காலக் கட்டம்: ஞாயி 4.30-6, திங் 7.30-9, செவ் 3-4.30, புத 12-1.30, வியா 1.30-3, வெள் 10.30-12, சனி 9-10.30. வியாழன் எண்ணைப் பூச்சி தின்றிருந்தது. "திருவிழா சந்தையில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த வரியை வைத்து நிரப்பினேன். அந்த ஒன்று மட்டும் தாளில் இருப்பது இல்லை, நான் போட்டது.

இப்போது நீங்கள் கேட்ட விஷயம். 17ஆம் தேதி "திரு" என்பது திருவாதிரையா, திருவோணமா? பக்கத்துக் கட்டத்து "திர" வேறு, அது திரயோதசி. மேலே மிருகசீரிஷம், கீழே புனர்பூசம். நடுவில் வருவது திருவாதிரைதான், சந்தேகமே இல்லை. வீட்டில் இத்தனை நாளாகச் சொன்னதும் அதுதான்.

ஆனால் அது 30-02க்கு முடிகிறது. ஆடி நடுவில் நம் பக்கம் உதயம் சுமார் ஆறு மணி. 30 நாழிகை என்றால் 12 மணி நேரம். ஆக மாலை ஆறு மணி சுமாருக்குத் திருவாதிரை முடிந்து புனர்பூசம் பிறந்துவிடுகிறது. ஆடியில் பொழுது சாய ஆறே முக்கால் ஆகிவிடும். விளக்கு வைத்தது அதை ஒட்டித்தான் என்றால் நீங்கள் புனர்பூசம், அத்தை. முதல் பாதம் என்பதால் ராசி மிதுனமேதான், மாறவில்லை. பிறப்புத் தசை மட்டும் ராகு இல்லை, குரு.

இது வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்று கிழிந்த பகுதியில்தான் இருந்திருக்கும். இரண்டுக்கும் சில நாழிகை வித்தியாசம் வருவதுண்டு. இங்கே நம் கையில் இருப்பது முக்கால் மணிகூட இல்லை. அதனால் ஜாதகத்தை இப்போதே திருத்த வேண்டாம். பாட்டி விளக்கை எப்போது வைப்பார்கள், இருட்டுக்கு முன்பா பின்பா என்று பெரியப்பாவை மட்டும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். தாளைக் கண்ணாடிக் காகிதத்தில் போட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டுவருகிறேன்.