பிழை திருத்தம்: எங்கள் ஆசிரியர் குழுவின் நடைமுறை

நிருபர், துணை ஆசிரியர், புகைப்படக்காரர், வடிவமைப்பாளர், சமூக ஊடகக் குழு என எல்லோருக்கும் இது பொருந்தும். வாசகர்களும் படிக்கட்டும் என்றே பொதுவில் வைத்திருக்கிறோம்.

எதைத் திருத்துவோம்

பெயர், வயது, பதவி, தொகை, தேதி, மேற்கோள், படக்குறிப்பு என எதில் தகவல் தவறினாலும் திருத்துவோம். ‘சின்னத் தப்புதானே’ என்று டெஸ்க் ஒதுக்கக் கூடாது. பெயரில் ஓர் எழுத்து மாறினால் சம்பந்தமே இல்லாத ஒருவர் மாட்டிக்கொள்வார். சந்திப்பிழை, தட்டச்சுப் பிழைக்குக் குறிப்பு வேண்டாம். அதனால் பொருள் மாறியிருந்தால் கட்டாயம் வேண்டும். ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கருத்துக் கட்டுரையை மாற்ற மாட்டோம். ஆனால் அதில் வரும் தகவல்களுக்கும் இதே விதிதான்.

புகார் வந்தால்

போன், மின்னஞ்சல், நிருபரிடம் நேரில் சொன்னது என எந்த வழியில் வந்தாலும், பணியில் இருக்கும் ஆசிரியர் அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும். செய்தியை எழுதியவர் தன் குறிப்புகளையும் ஆவணங்களையும் கொடுப்பார். முடிவெடுப்பது செய்தி ஆசிரியர். 24 மணி நேரத்துக்குள் புகார் தந்தவருக்குப் பதில் போக வேண்டும். சரிபார்க்க அதற்கு மேல் ஆகும், செய்தியோ ஒருவரின் பெயரைக் கெடுக்கக்கூடியது என்றால், ‘இந்தச் செய்தியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற வரியை உடனே மேலே சேர்த்துவிடுங்கள்.

எப்படித் திருத்துவோம்

சத்தமில்லாமல் மாற்றுவது கிடையாது. பழைய வடிவத்தின் ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருக்கும். மறைத்தது தெரிந்தால் சரியாக எழுதியதையும் நம்ப மாட்டார்கள். என்ன எழுதினோம், எது சரி, எப்போது திருத்தினோம் என்ற மூன்றும் குறிப்பில் இருக்க வேண்டும்.

தலைப்பிலோ முதல் பத்தியிலோ தவறு என்றால் குறிப்பு செய்தியின் மேலே வரும், மற்றவை அடியில். முதல் பக்கத்தில் அச்சான தவறுக்கு முதல் பக்கத்திலேயே திருத்தம். அலர்ட் அனுப்பியிருந்தால் அதே ஆட்களுக்குத் திருத்திய அலர்ட்டும் போக வேண்டும். அப்புறம், பலர் மறப்பது இணைய முகவரி. தலைப்பை மாற்றிய பிறகும் பழைய தலைப்பின் சொற்கள் அதில் அப்படியே நிற்கும். பகிர்ந்த இடத்திலெல்லாம் அதுதான் கண்ணில் படும். அதையும் மாற்றுங்கள். நம் செய்தியை எடுத்து வெளியிட்டவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள்.

காலக்கெடு எதுவும் இல்லை. வெற்றிடத்தில் ராக்கெட் இயங்காது என்று 1920-ல் எழுதியதை, அப்போலோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று நியூயார்க் டைம்ஸ் திருத்திக்கொண்டது. 49 ஆண்டு கழித்தும் திருத்தலாம் என்றால், நம் பழைய செய்திகளில் தவறு தெரிந்தபின் விட்டுவைக்கக் காரணமே இல்லை.

எப்போது மன்னிப்பு

தவறு ஒருவரைப் பாதித்திருந்தால் திருத்தம் மட்டும் போதாது. ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால்’ என்று எழுதக் கூடாது. புண்பட்டாரா என்ற சந்தேகத்தை அவர் தலையிலேயே கட்டுகிற வாக்கியம் அது. ‘தவறுதலாக இடம்பெற்றுவிட்டது’ என்றும் வேண்டாம். எழுதியது நாம், ‘எழுதினோம்’ என்றே சொல்வோம். நிருபரைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. டெஸ்க் பார்த்து வெளியிட்ட பிறகு அது எல்லோருடைய பொறுப்பு. பாதிக்கப்பட்டவரின் பெயரைக் குறிப்பில் மறுபடி எழுதுவதா என்பதை அவரிடமே கேளுங்கள். கீழே உள்ள மாதிரியில் பெயர் வராததற்கு அதுதான் காரணம்.

மாதிரிக் குறிப்பு

திருத்தமும் மன்னிப்பும்

கூட்டுறவுச் சங்க நிதி முறைகேடு வழக்கு குறித்து மார்ச் 12 அன்று வெளியிட்ட செய்தியில், சங்கத்தின் முன்னாள் கணக்காளரைக் குற்றவாளி என நீதிமன்றம் தீர்ப்பளித்ததாகத் தலைப்பிலும் முதல் பத்தியிலும் எழுதினோம். அது தவறு. அன்று நீதிமன்றம் அவர்மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு மட்டுமே செய்தது. சாட்சி விசாரணை இன்னும் தொடங்கவில்லை. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்திருக்கிறார்.

கருத்துக் கேட்டும் அவர் பதில் தரவில்லை என்று எழுதியதும் தவறு. நாங்கள் அழைத்த எண் அவருடையது அல்ல. அவர் தரப்பைக் கேட்காமலேயே செய்தியை வெளியிட்டிருக்கிறோம்.

நீதிமன்ற உத்தரவின் நகலைப் பார்க்காமல் வாய்வழித் தகவலை நம்பியதால் இது நேர்ந்தது. மார்ச் 13 காலை 10.40 மணிக்குச் செய்தியையும் தலைப்பையும் இணைய முகவரியையும் திருத்தினோம். முந்தைய அலர்ட்டைப் பெற்றவர்களுக்குத் திருத்தத்தை அனுப்பினோம். அவருடைய விளக்கம் இப்போது செய்தியில் முழுமையாக இடம்பெற்றுள்ளது.

வராத தீர்ப்பை வந்ததாக எழுதி அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அவப்பெயர் தேடித் தந்ததற்காக மன்னிப்புக் கேட்கிறோம். தவறான தகவலைத் தந்ததற்காக வாசகர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

– ஆசிரியர்