சொற்புதிர்ப் போட்டியை நடத்திய தன்னார்வலர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை நம் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடைபெற்ற சொற்புதிர்ப் போட்டியில், பெரியவர் பிரிவின் முதல் பரிசை எனக்கு அளித்தீர்கள். பரிசளிப்பின்போது ஓரிரு சொற்கள் பேசவே நேரம் இருந்தது. சொல்ல வேண்டியவை அதைவிட மிகுதி என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதலில், புதிர்களை உருவாக்கியவர்களுக்கு என் வணக்கம். தமிழில் குறுக்கெழுத்துக் கட்டம் அமைப்பது எவ்வளவு கடினம் என்பதை, விடைகளை நிரப்பிக்கொண்டே வந்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். எந்தச் சொல்லும் புள்ளி எழுத்தில் தொடங்காது என்பதால், இடமிருந்து வலமாகச் செல்லும் ஒரு சொல்லில் மெய் விழுந்த கட்டத்திலிருந்து கீழ்நோக்கி இன்னொரு சொல்லைத் தொடங்க முடியாது. சொற்கள் சந்திக்கும் இடங்களில் உயிர்மெய்யின் குறில் நெடில்கூட மாறக் கூடாது. இத்தனைக்கும் நடுவே, அகராதியைப் புரட்டித் தேட வேண்டிய அரிய சொல் ஒன்றுகூட இல்லாமல், நாம் அன்றாடம் புழங்கும் சொற்களாலேயே கட்டம் முழுவதையும் நிரப்பியிருந்தீர்கள். “யாப்புக்குள் அடங்கும், தலை போனால் மண்ணுக்குள் அடங்கும் (3)” என்ற குறிப்பை நான் மறக்கவே மாட்டேன். விதை என்பது முதலில் தோன்றி, அதன் பின்னரே கவிதை என்ற விடை புலப்பட்டபோது, போட்டி என்பதையும் மறந்து வாய்விட்டு மகிழ்ந்தேன். பக்கத்து மேசையில் இருந்தவரும் சற்று நேரத்தில் அதே இடத்தில் புன்னகைத்ததைக் கண்டேன்.

விதிகளைத் தொடக்கத்திலேயே கரும்பலகையில் எடுத்துக்காட்டுடன் விளக்கியது மிகப் பயனுள்ளதாக இருந்தது. மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு, ஒற்றெழுத்தை விடக் கூடாது, லகர ளகர ழகரப் பிழைகளுக்கு மதிப்பெண் கிடையாது என்பவை முன்னரே தெளிவாகிவிட்டதால், முதன்முறையாகக் கலந்துகொண்டவர்களும் தயக்கமின்றி எழுதத் தொடங்கினர். பார்வை மங்கிய முதியவர்களுக்குப் பெரிய கட்டங்களுடன் தனித் தாள் அச்சிட்டிருந்ததையும், அவர்களுள் ஒருவருக்கு அருகில் அமர்ந்து ஒரு தன்னார்வலர் குறிப்புகளைத் தாழ்ந்த குரலில், விடைக்கான சாயல் துளியும் கலக்காமல் வாசித்ததையும் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறேன்.

எனினும், நான் உங்களுக்கு மிகவும் கடமைப்பட்டிருப்பது இறுதிச் சுற்றில் நீங்கள் எடுத்த ஒரு முடிவுக்காக. “ஞாயிறு (5)” என்ற குறிப்புக்குக் கதிரவன் என்று நான் எழுதியிருந்தேன். உங்கள் விடைத்தாளிலும் அதுவே இருந்தது. எனக்கு அடுத்த நிலையில் இருந்தவரோ பகலவன் என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை வெட்டிச் சென்ற ஒரே சொல் நான்காம் எழுத்தான வகரத்தில் சந்தித்ததால், இரண்டுமே கட்டத்துக்குப் பொருந்தின. விடைத்தாளில் உள்ளதே முடிவு என்று நீங்கள் கூறியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் திருத்துவதை நிறுத்தி, தனியே கூடிப் பேசி, இரண்டும் சரியே என்று அனைவருக்கும் காரணத்துடன் அறிவித்தீர்கள். அது மட்டுமின்றி, அதுவரை திருத்தி முடித்திருந்த தாள்கள் அனைத்தையும் மீண்டும் எடுத்துப் பார்த்தீர்கள். அதனால் எங்களுக்கு இடையிலான வேறுபாடு ஒரே ஒரு மதிப்பெண்ணாகக் குறைந்தது. அந்த அறிவிப்பைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டது மனநிறைவுதான். சரியான விடை எழுதிய ஒருவரின் மதிப்பெண்ணைத் தட்டிப் பறித்துக் கிடைக்கும் வெற்றியை நான் விரும்பியிருக்க மாட்டேன். அந்த நிலைக்கு என்னை ஆளாக்காமல் காத்தவர்கள் நீங்கள். இரண்டாம் பரிசு பெற்றவரும் நானும் அதன்பின் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

நாற்காலிகளை வரிசைப்படுத்தியவர்கள், நேரம் பார்த்து மணியடித்தவர்கள், சிறுவர் பிரிவில் பிள்ளைகள் கலைந்த எழுத்துகளை அட்டைகளில் அடுக்கும்போது பொறுமையுடன் உடனிருந்தவர்கள் ஆகிய அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அடுத்த போட்டியில் நான் பங்கேற்பாளராக இல்லாமல், உங்களுள் ஒருத்தியாகப் பணியாற்ற விரும்புகிறேன். சிறுவர் பிரிவுக்கான குறிப்புகளை எழுதவோ, அச்சுக்குச் செல்லும் முன் கட்டங்களை நிரப்பிப் பார்த்து வேறு விடைக்கு இடமிருக்கிறதா என்று சோதிக்கவோ என்னைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாலை வேளைகளில் எனக்கு நேரம் உண்டு. நீங்கள் கூடும் நாளைத் தெரிவித்தால் வந்து கலந்துகொள்கிறேன்.

மிக்க நன்றியுடன்,
பெரியவர் பிரிவில் முதல் பரிசு பெற்ற உங்கள் அண்டை வீட்டுக்காரி