உங்கள் ஆப்பில் 'மா' கணக்கு: சம்பா அறுவடைக்கு முன் ஓர் உதவி

வணக்கம் சார்.

உங்கள் அறுவடை வண்டி புக்கிங் திருவாரூரைத் தாண்டி தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைக்கும் வந்துவிட்டதை இன்று காலை பேப்பரில் படித்தேன். ரொம்ப சந்தோஷம். மழைக்கு முன்னே வண்டி கிடைக்குமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வரப்பில் நிற்கும் வீட்டில் பிறந்தவள் நான். அந்தக் கவலையைக் குறைக்க ஒருத்தர் வந்தாரே என்று மனசு நிறைந்து எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி, ஊர் நீடாமங்கலம் பக்கம். அறுவடை வண்டி வைத்திருக்கும் ஒருவரிடம் எட்டு வருஷம் போன் எடுத்து, யாருக்கு எந்த நாள் என்று நோட்டு எழுதினேன்.

இந்தக் குறுவையில் அப்பா உங்கள் ஆப்பில்தான் வண்டி சொன்னார். 'பரப்பு' என்ற இடத்தில் 5 என்று போட்டார். அவர் நினைத்தது அஞ்சு மா. ஆப் எடுத்துக்கொண்டது அஞ்சு ஏக்கர். மூணு மா ஒரு ஏக்கர் என்றால் எங்கள் நிலம் இரண்டு ஏக்கர்கூட இல்லை. மத்தியானம் முழுக்க எங்களுக்கே ஒதுக்கிவிட்டார்கள். வண்டி சீக்கிரமே முடித்துவிட்டுக் கரையில் நின்றது. பக்கத்து ஊரில் சாய்ந்த பயிரோடு ஒருவர் காத்திருந்தார். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும்.

நான் செய்ய நினைப்பது ஒன்றுதான்: புக்கிங் கேள்விகளை எங்கள் ஊர்ப் பேச்சில் திருத்தி எழுதித் தருகிறேன். இப்போது 'நிலத்தின் தன்மை' என்று கேட்கிறீர்கள். அப்பா அதற்கு 'நல்ல நிலம்' என்றார். 'வயலில் கால் புதையுதா?' என்று கேட்டால் பெல்ட் வண்டியா, டயர் வண்டியா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். 'எத்தனை மா?', 'பயிர் நிக்குதா, சாய்ஞ்சிருக்கா?' இவையும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், 'வண்டி இறங்க வழி இருக்கா, முன் வயல் அறுத்தாச்சா?' என்று கேட்க வேண்டும். ஆப்பில் இது இல்லவே இல்லை. நான் போன் எடுத்த காலத்தில் முதலில் கேட்டதே இதைத்தான். முன் வயலில் பயிர் நின்றால், வண்டி வந்தும் திரும்பத்தான் வேண்டும்.

இரண்டு வாரம் கொடுங்கள். எழுதி, எங்கள் பக்கத்து விவசாயிகள் பத்துப் பேரிடம் போனைக் கொடுத்துப் பதில் போடச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்து அனுப்புகிறேன். இதற்குப் பணம் வேண்டாம். உபயோகமாக இருந்தால் மேற்கொண்டு வேலை, சம்பளம் பற்றிப் பேசலாம். பொங்கலை ஒட்டி சம்பா அறுப்பு தொடங்குவதற்குள் மாற்றிவிட்டால் நல்லது.

சம்மதம் என்றால் உங்கள் டீமில் புக்கிங் பார்ப்பவரை இதே நம்பரில் கூப்பிடச் சொல்லுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
செல்வி